இன்பாக்ஸைத் தினமும் பிரித்துப் போடுவது எப்படி: நீக்கு, ஒப்படை, தள்ளிவை, முடி – அடிக்கடி வரும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு என் மெயில் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பட்டன் பெயர்கள் ஜிமெயிலில் உள்ளவை. மற்ற மெயில் செயலிகளிலும் இதே வசதிகள் பெரும்பாலும் வேறு பெயரில் இருக்கும்.

நாள் பூரா மெயில் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். இதுல தனியா ஒரு நேரம் வேற ஒதுக்கணுமா?

பார்ப்பது வேறு, பிரிப்பது வேறு. நாள் முழுக்கப் பார்ப்பவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும். ஒரு மெயிலைத் திறக்கிறார், பாதி படிக்கிறார், “சரி, அப்புறம் பார்ப்போம்” என்று மூடுகிறார். மறந்துவிடக் கூடாது என்று அதையே மறுபடி ‘படிக்காதது’ என்று மாற்றி வைக்கிறார். மதியம் அதே மெயிலை மறுபடி திறக்கிறார். சாயங்காலத்துக்குள் நான்கு முறை படித்தாகிவிட்டது, முடிவு மட்டும் எடுக்கவில்லை.

பிரிக்கும் நேரத்தில் ஒரே ஒரு விதிதான். திறந்த மெயில், ஒரு முடிவு எடுக்காமல் இன்பாக்ஸுக்குத் திரும்பக் கூடாது. வேலையை அப்போதே முடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இந்த வேலை யாருடையது, எப்போது நடக்கும் என்பது முடிவாக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாலு முடிவும் என்னென்ன? எந்த வரிசையில யோசிக்கணும்?

நீக்கு, ஒப்படை, தள்ளிவை, முடி. மனதில் கேள்விகள் இப்படி ஓட வேண்டும். இதில் யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா? இல்லை என்றால் நீக்கு. இருக்கிறது, ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் நான்தானா? இல்லை என்றால் ஒப்படை. நான்தான் என்றால், இரண்டு நிமிடத்தில் ஆகுமா? ஆகும் என்றால் இப்போதே முடி. ஆகாது என்றால் ஒரு நாளும் நேரமும் குறித்துத் தள்ளிவை.

பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மெயிலைத் திறந்ததும் “என்ன பதில் போடலாம்” என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். பதிலே தேவைப்படாத மெயிலுக்கு மூன்று வரி யோசித்த பிறகுதான் அது தெரியவரும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எவ்வளவு நேரம்?

பெரும்பாலானவர்களுக்குக் காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஒரு தடவை போதும். காலையில் இருபது இருபத்தைந்து நிமிடம், மற்ற இரண்டும் பத்துப் பத்து நிமிடம். நடுவில் மெயில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். அது திரையில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மூன்று தடவை என்பது முப்பது தடவையாகிவிடும்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவு மாதிரி மெயிலே வேலையாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

டெலீட் பண்ணவே பயமா இருக்கு. நாளைக்குத் தேவைப்பட்டா?

‘நீக்கு’ என்று நான் சொல்வது இன்பாக்ஸிலிருந்து நீக்குவதை. அதற்கு இரண்டு வழி உண்டு. நிஜமாகவே டெலீட் செய்தால் ஜிமெயிலில் மெயில் குப்பைக்குப் போய் 30 நாளில் அழிந்துவிடும். ஆர்க்கைவ் செய்தால் இன்பாக்ஸை விட்டு மட்டும் விலகும். தேடினால் கிடைக்கும், யாராவது அதற்குப் பதில் போட்டால் இன்பாக்ஸுக்குத் தானே திரும்பி வரும்.

என் அளவுகோல் எளிது. பணம், ஒப்புதல், வாக்குறுதி, ஒப்பந்தம் இவற்றில் ஒன்று மெயிலில் இருந்தால் ஆர்க்கைவ். விளம்பரம், தானாக வரும் அறிவிப்பு, முடிந்துபோன மீட்டிங்கின் அழைப்பு என்றால் டெலீட். சந்தேகம் வந்தால் ஆர்க்கைவ் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், இதற்காக உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் மெயிலை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தால், அல்லது ஏதாவது வழக்குக்காக எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால், அந்த விதிதான் முதலில்.

விஷயவாரியாக நாற்பது ஃபோல்டர் போட்டு அடுக்கும் வேலை தேவையில்லை. எந்த ஃபோல்டரில் போடுவது என்ற யோசனையும் ஒரு முடிவுதான், அது நேரத்தைத் தின்னும். தேடுகிற பெட்டியில் அனுப்பியவர் பெயரும் ஒரு சொல்லும் போட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ரெண்டு நிமிஷம்னு ஏன்? நடைமுறைல ரெண்டு நிமிஷ வேலை பதினஞ்சு நிமிஷம் இழுக்குதே?

சின்ன வேலையைத் தள்ளிவைக்கவும் செலவு உண்டு. தேதி குறிக்க வேண்டும், அன்றைக்கு மறுபடி திறக்க வேண்டும், மறுபடி படித்து விஷயத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கே ஒன்றிரண்டு நிமிடம் போய்விடும். வேலையும் அதே அளவுதான் என்றால் இப்போதே முடிப்பது லாபம்.

இழுப்பதற்குக் காரணம் கணக்கில் விட்டுப்போன பகுதி. பதிலைத் தட்டச்சு செய்வது மட்டும் இரண்டு நிமிடம் என்று நினைக்கிறோம். இணைக்க வேண்டிய ஃபைலைத் தேடுவது, ஒரு எண்ணைச் சரிபார்ப்பது, யாரையாவது கேட்பது இவையும் சேர்ந்துதான் இரண்டு நிமிடம். ஒரு சோதனை சொல்கிறேன். மெயிலை விட்டு வெளியே போய் வேறொரு ஃபைலையோ மென்பொருளையோ திறக்க வேண்டியிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு நிமிட வேலை அல்ல. தள்ளிவைத்துவிடுங்கள்.

இதில் இன்னொரு குழியும் இருக்கிறது. இரண்டு நிமிட வேலைகள் நாற்பது இருந்தால் எண்பது நிமிடம் ஆகிறது. காலையில் மீட்டிங் இருக்கிற நாளில் முதல் சுற்றில் நீக்குவதும் ஒப்படைப்பதும் மட்டும் செய்யுங்கள். முடிக்க வேண்டியவை மதியச் சுற்றுக்குப் போகட்டும்.

சொன்னா புரியுது, செஞ்சா குழம்புது. ஒரு காலை எப்படிப் போகும்னு காட்டுங்களேன்?

போன மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை 9:10க்கு இன்பாக்ஸில் 41 மெயில் இருந்தன.

முதலில் எதையும் திறக்கவில்லை. பட்டியலில் அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் பார்த்து விளம்பரம், மென்பொருள் அறிவிப்பு என்று 16ஐத் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக டெலீட். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து, ஒரே உரையாடலில் 6 மெயில், ஒரு மீட்டிங்கை எப்போது வைப்பது என்று ஐந்து பேர் மாறி மாறி எழுதியிருந்தார்கள். கடைசி மெயிலை மட்டும் திறந்தேன். புதன் மாலை 3 என்று முடிவாகியிருந்தது. காலண்டரில் போட்டுவிட்டு ஆர்க்கைவ். மேலேயிருந்து வரிசையாகப் படித்திருந்தால் ஏற்கெனவே தீர்ந்துபோன கேள்விக்கு நானும் ஒரு பதில் போட்டிருப்பேன். சிசியில் தகவலுக்காக வந்தவை 7. மேலோட்டமாகப் படித்து ஆர்க்கைவ் செய்தேன். இதற்குள் எட்டு நிமிடம் ஆகியிருந்தது, பாக்கி 12.

அதில் 5 இரண்டு நிமிடத்துக்குள் அடங்கின. ஒரு விடுமுறைக்கு ஒப்புதல், ஒரு தேதியை உறுதிசெய்வது மாதிரியானவை. ஏழு நிமிடம். 3 மெயில் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம், அந்த வேலையைப் பார்ப்பவர்கள் வேறு. ஒப்படைக்க ஐந்து நிமிடம். மிச்சம் 4ஐத் தள்ளிவைத்தேன். ஒரு ஒப்பந்த வரைவை வெள்ளிக்குள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், முக்கால் மணி நேர வேலை, அதனால் புதன் காலை 10க்கு. ஒரு வாடிக்கையாளர் கேட்ட எண் எனக்கே வியாழன்தான் வரும், அதனால் வியாழன் 11க்கு, கூடவே அவருக்கு “வியாழன் மதியத்துக்குள் அனுப்புகிறேன்” என்று ஒரு வரி. நீளமான புகார் ஒன்று, நிதானமாகப் பதில் எழுத அன்று மதியம் 2:30க்கு. பயிற்சி வகுப்பில் சேருவதா வேண்டாமா என்பது, மாலை 5க்கு. இதற்கு மூன்று நிமிடம்.

9:33க்கு இன்பாக்ஸ் காலி. வேலை காலி ஆகவில்லை, நான்கு வேலை பாக்கி இருக்கிறது. ஆனால் எது எப்போது என்று தெரிகிறது.

தள்ளிவைக்க ஸ்டார் போட்டா போதாதா? நான் முக்கியமானதுக்கு எல்லாம் ஸ்டார் போட்டிருக்கேன்.

எத்தனை ஸ்டார் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் கேட்டவர்களில் ஒருவரிடம் 310 இருந்தது. ஸ்டாரில் தேதி கிடையாது. ‘முக்கியம்’ என்று மட்டும் சொல்லும், ‘எப்போது’ என்று சொல்லாது. 310 முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமில்லை.

`Snooze` பட்டனை அழுத்தி நாளும் நேரமும் கொடுத்தால் மெயில் கண்ணிலிருந்து மறைந்து, அந்த நேரத்தில் இன்பாக்ஸின் மேலே வந்து நிற்கும். அனுப்பியவருக்கு இது தெரியாது. கால் மணிக்கு மேல் பிடிக்கும் வேலை என்றால் ஸ்னூஸ் மட்டும் போதாது, காலண்டரிலும் அந்த நேரத்தை அடைத்துவையுங்கள். இல்லாவிட்டால் மெயில் சரியாக 10க்கு வந்து நிற்கும், நீங்கள் 10 மணி மீட்டிங்கில் இருப்பீர்கள்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்னூஸ் அழுத்தியதும் ‘நாளை காலை’, ‘அடுத்த வாரம்’ என்று தயாராக நிற்கும் நேரத்தை அப்படியே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் சேர்ந்து திங்கள் காலை ஒரே நேரத்தில் வந்து விழும், அதுவும் நீங்கள் புது மெயிலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது. பிரிக்கும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த வேலையை உட்கார்ந்து செய்யப்போகும் நேரத்தை நீங்களே குறித்து, அதற்குத் தள்ளுங்கள். மேலே என் நான்கு மெயிலும் நான்கு வேறு நேரத்துக்குப் போனது அதனால்தான்.

எனக்குக் கீழ யாருமே இல்ல. நான் யார்கிட்ட ஒப்படைக்கிறது?

ஒப்படைப்பதற்குப் பதவி வேண்டியதில்லை. அந்த வேலைக்கு உரியவரிடம் அதைக் கொண்டுசேர்ப்பதுதான் ஒப்படைப்பு. கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டிய கேள்வி உங்களுக்கு வந்திருக்கிறது. நீங்கள் அவர்களிடம் கேட்டு, பதில் வாங்கி, கேட்டவருக்குத் திருப்பி அனுப்பினால் நடுவில் தபால்காரர் வேலை பார்க்கிறீர்கள். கேட்டவரையும் கணக்குப் பிரிவையும் ஒரே மெயிலில் சேர்த்து, “இந்தக் கேள்விக்கு இவர்கள் பதில் சொல்வார்கள்” என்று ஒரு வரி எழுதி விலகிக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியிடமும் ஒப்படைக்கலாம். அவர் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு உங்கள் இன்பாக்ஸில் கிடந்து ஒரு பயனும் இல்லை. ஆனால் வெறுமனே “என்ன செய்யட்டும்?” என்று அனுப்பக் கூடாது. “இந்த இரண்டு வழி இருக்கிறது, நான் முதல் வழியைச் சொல்வேன், சரியா?” என்று அனுப்பினால் அவருக்கு அது இரண்டு நிமிட வேலையாகிவிடும்.

ஃபார்வர்டு பண்ணிட்டேன், ஆனா அவங்க செய்யல. கடைசில பழி என் மேல.

நீங்கள் என்ன எழுதி ஃபார்வர்டு செய்தீர்கள் என்பதைப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு விலைப்புள்ளிக் கோரிக்கையை ஒரு சக ஊழியருக்கு “பார்க்கவும்” என்று ஒற்றைச் சொல்லோடு அனுப்பினேன். அவர் பார்த்தார். தகவலுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து மூடிவிட்டார். கடைசி நாள் முடிந்து மறுநாள்தான் இருவருக்கும் தெரிந்தது. அவர் மேல் தவறே இல்லை, நான் வேலையை ஒப்படைக்கவில்லை, மெயிலை மட்டும் நகர்த்தியிருக்கிறேன்.

இப்போது இப்படி எழுதுகிறேன்: “கீழே வாடிக்கையாளர் கேட்டிருக்கும் மூன்று மாத விற்பனைக் கணக்கை நீங்கள் தயார்செய்து, புதன் மாலை 4 மணிக்குள் அவருக்கே நேரடியாக அனுப்புங்கள். எனக்கு சிசி போதும். விலை பற்றிக் கேட்டால் மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நேரம் போதாது என்றால் இன்று மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள்.” என்ன வேலை, எப்போதைக்குள், யாருக்குப் போக வேண்டும், அவர் எதைத் தானே முடிவு செய்யலாம், முடியாவிட்டால் எப்போது சொல்ல வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஒரு மெயிலில் மூன்று பேரை `To`வில் போட்டு “யாராவது பாருங்கள்” என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான்.

அனுப்பியதும் உங்கள் பங்கு முடியவில்லை. அதே உரையாடலுக்கு ‘காத்திருப்பு’ என்று ஒரு லேபிள் போட்டு, கெடுவுக்குச் சற்று முன்னால் திரும்பி வருகிற மாதிரி ஸ்னூஸ் செய்துவிடுங்கள். புதன் மாலை கெடு என்றால் புதன் காலை. அதற்குள் பதில் வந்துவிட்டால் லேபிளை எடுத்துவிட்டு ஆர்க்கைவ். வராவிட்டால் அப்போது கேட்டால் இன்னும் அரை நாள் கையில் இருக்கும்.

சிசில தினமும் முப்பது மெயில் வருது. எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். உங்கள் பெயர் `To`வில் இல்லாத மெயில்கள் தனி லேபிளுக்குப் போகும்படி ஃபில்டர் போட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு முறை, மதியச் சுற்றில், ஒன்றாகப் புரட்டுங்கள். ஃபில்டரில் தேடலுக்கு இது போதும்:

```
cc:me OR -to:me
```

இதில் ஒரு பலவீனம் உண்டு. குழு முகவரிக்கு வரும் மெயிலும் இதில் மாட்டிக்கொள்ளும், அதில் உங்களுக்கு வேலை இருக்கலாம். அதனால் முதல் வாரம் அந்த லேபிளைத் தினமும் கவனமாகப் பார்த்து, விட்டுப்போகக் கூடாத முகவரிகளை ஃபில்டரிலிருந்து விலக்குங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் உரையாடலை `Mute` செய்துவிடலாம்.

ஒரே மெயில்ல மூணு விஷயம் கேக்கறாங்க. ஒண்ணு இப்பவே சொல்லலாம், ஒண்ணு வேற ஆள் செய்யணும், ஒண்ணுக்கு நேரம் ஆகும். இதை எந்தப் பெட்டில போடுறது?

முதல் விஷயத்துக்கு இப்போதே பதில் போடுங்கள். அதே பதிலில் மற்ற இரண்டையும் பற்றி ஒவ்வொரு வரி எழுதுங்கள், இரண்டாவது இன்னாரிடம் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது வெள்ளிக்குள் வரும் என்று. பிறகு இரண்டாவதை மேலே சொன்னபடி ஒப்படைத்துவிட்டு, மெயிலை மூன்றாவதன் தேதிக்கு ஸ்னூஸ் செய்யுங்கள். ஒரு மெயிலுக்கு ஒரே ஸ்னூஸ்தான் போட முடியும் என்பதால் இரண்டாவதன் நினைவூட்டலைக் காலண்டரில் வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றுக்கும் பதில் தயாரானதும் சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருப்பதுதான் கெட்ட பழக்கம். சுலபமான பதிலும் கஷ்டமான பதிலுக்காகக் காத்துக்கிடக்கும், அதற்குள் கேட்டவர் “பார்த்தீர்களா?” என்று இன்னொரு மெயில் அனுப்புவார்.

தள்ளிவைச்சதையே திரும்பவும் தள்ளிவைக்கிறேன். சில மெயில் ஒரு மாசமா சுத்திக்கிட்டு இருக்கு.

இரண்டாவது முறை தள்ளலாம், அவசரம் வந்திருக்கும். மூன்றாவது முறை கை ஸ்னூஸுக்குப் போனால் நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து மூன்று காரணம்தான். ஒன்று, அதைச் செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது, அது நீக்க வேண்டியது, “இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது” என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுங்கள். இரண்டு, வேலை எங்கே தொடங்குவது என்று தெரியாத அளவுக்குப் பெரியது. அப்போது ‘திட்ட அறிக்கை’யைத் தள்ளிவைக்காதீர்கள், ‘போன வருட அறிக்கையை எடுத்து வைப்பது’ என்ற முதல் படியை மட்டும் தள்ளிவையுங்கள். மூன்று, நேரமே இல்லை.

மூன்றாவது காரணத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஒரு வாரம், தள்ளிவைக்கும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். தினமும் மூன்று மணி நேர வேலையைத் தள்ளிவைக்கிறீர்கள், காலண்டரில் காலியாக இருப்பதோ ஒன்றரை மணி நேரம் என்றால், வாரக் கடைசியில் ஏழரை மணி நேரம் பாக்கி நிற்கும். எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் இது தீராது. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பேச வேண்டியதுதான். “வேலை அதிகம்” என்று பொதுவாகச் சொல்வதைவிட அது எடுபடும்.

ஏற்கெனவே ஆறாயிரம் மெயில் கிடக்குது. முதல்ல அதை முடிச்சிட்டுத்தான் இதை ஆரம்பிக்கணுமா?

அதை முடிக்கவே முடியாது, முயற்சி செய்ய வேண்டாம். தேடல் பெட்டியில் இதைப் போடுங்கள்:

```
in:inbox older_than:14d
```

வருவதை எல்லாம் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். முதல் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும், இந்தத் தேடலில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்று மேலே ஒரு வரி வரும், அதையும் அழுத்த வேண்டும். எதுவும் அழியவில்லை, முன்பே சொன்ன மாதிரி தேடினால் கிடைக்கும். கடைசி 14 நாள் மெயில்களை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான்காகப் பிரியுங்கள். பழையதில் நிஜமாகவே பாக்கி வேலை இருந்தால், அதற்காகக் காத்திருப்பவர் மறுபடி எழுதுவார். மனம் ஒப்பவில்லை என்றால் ஆர்க்கைவ் செய்வதற்கு முன் மேலதிகாரி, முக்கியமான இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் பெயரை மட்டும் போட்டுத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் மெயில் அனுப்பி அஞ்சு நிமிஷத்துல பதில் எதிர்பார்க்கிறார். மூணு தடவைதான் பார்ப்பேன்னு எப்படிச் சொல்றது?

அப்படிச் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். “அவசரம் என்றால் போன் செய்யுங்கள், உடனே எடுக்கிறேன், மெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பதில் வரும்” என்று சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது ஆபத்தில் உங்களைப் பிடிக்க ஒரு வழி. அது கிடைத்துவிட்டால் பெரும்பாலும் மெயிலில் அவசரம் குறையும். அதுவும் ஒப்பவில்லை என்றால் அவர் ஒருவருக்கு மட்டும் நோட்டிஃபிகேஷனை வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதை அணைத்துவிடுங்கள்.

பஸ்ல, லிஃப்ட்ல போன்ல பிரிச்சா நேரம் மிச்சம்தானே?

நீக்குவதற்குப் போன் நல்லது. மற்ற மூன்றுக்கும் அவ்வளவு நல்லதல்ல. ஒப்படைக்கும் மெயிலைச் சின்னத் திரையில் எழுதினால் அது மறுபடி “பார்க்கவும்” ஆகிவிடும். காலண்டரைப் பார்க்காமல் தள்ளிவைத்தால் ஏற்கெனவே நிரம்பிய நேரத்தில் போய் விழும். போனில் நீக்க மட்டும் செய்யுங்கள், மிச்சத்தைத் திறக்காமலே விட்டுவிடுங்கள்.

ரெண்டு வாரம் லீவு முடிஞ்சு வந்தா நானூறு மெயில். அப்பவும் இதே முறையா?

இதே முறை, ஆனால் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள், உரையாடல் ஒவ்வொன்றிலும் கடைசி மெயிலை முதலில். பழைய கேள்விகளில் நிறைய, நீங்கள் இல்லாதபோது தாமாகவே தீர்ந்திருக்கும். முதல் நாள் காலை முதல் இரண்டு மணி நேரத்தைக் காலண்டரில் அடைத்துவிட்டுத்தான் லீவில் போங்கள். விடுமுறைத் தானியங்கிப் பதிலில், நீங்கள் இல்லாதபோது எந்த விஷயத்துக்கு யாரை அணுக வேண்டும் என்று எழுதிவைத்தால் அது முன்கூட்டியே செய்த ஒப்படைப்பு, நானூறில் ஒரு பகுதி வரவே வராது.

எங்க டீமுக்கு ஒரே பொது முகவரி. ஆறு பேர் பார்க்கிறோம். ஒரே மெயிலுக்கு ரெண்டு பேர் பதில் போடுறாங்க, இல்லன்னா யாருமே போடுறதில்ல.

பொதுப் பெட்டியில் ஆறு பேரும் நான்கு முடிவையும் எடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒருவர் பிரிப்பவர், மற்ற ஐந்து பேர் செய்பவர்கள். அன்றைக்கு உரியவர் காலையில் குப்பையை நீக்கி, ஒவ்வொரு மெயிலுக்கும் ஒருவர் பெயர் உள்ள லேபிளைப் போடுவார். மற்றவர்கள் தங்கள் பெயர் உள்ளதை மட்டும் திறப்பார்கள். பெயர் இல்லாத மெயிலை யாரும் தொடக் கூடாது.

இங்கே ‘படித்தது, படிக்காதது’ என்பதை அடையாளமாக நம்பாதீர்கள். ஆறு பேரும் ஒரே கணக்கில் நுழைந்தால், ஒருவர் சும்மா திறந்து பார்த்தாலே எல்லோருக்கும் அது படித்ததாகிவிடும். ‘யாருமே போடவில்லை’ என்ற புகாரில் பாதி இதனால் வருவது. நாள் முடிவில் பிரிப்பவர் ஒன்றை மட்டும் சரிபார்த்தால் போதும், பெயர் இல்லாத மெயில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று.

எல்லாம் சரியாத்தான் பிரிக்கிறேன். ஆனா ஒரு சில மெயில் மட்டும் எந்த முடிவுக்கும் வர மாட்டேங்குது. திறக்கிறேன், மூடுறேன்.

அவை பெரும்பாலும் கஷ்டமான வேலை அல்ல, சங்கடமான வேலை. யாருக்காவது இல்லை என்று சொல்ல வேண்டும், அல்லது நாம் செய்த தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரக் கணக்குப்படி பார்த்தால் இரண்டு நிமிடம்தான், அதனால் விதிப்படி இப்போதே முடிக்க வேண்டும். ஆனால் இதற்கு மட்டும் நான் விதியை மாற்றிக்கொள்கிறேன். கோபத்தோடோ பதற்றத்தோடோ எழுதிய இரண்டு நிமிடப் பதில் அடுத்த இரண்டு வாரத்துக்கு மெயில் கொண்டுவரும்.

இரண்டு வரி வரைவை எழுதி, `To`வில் முகவரியைப் போடாமல் விட்டுவிடுங்கள், தவறி அனுப்பிவிட முடியாது. மூல மெயிலை அன்று மதியத்துக்கு மட்டும் ஸ்னூஸ் செய்யுங்கள், மறுநாளுக்கு அல்ல. மதியம் வரைவைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் முகவரி போட்டு அனுப்புங்கள். இரண்டு தடவை எழுதியும் சரியாக வரவில்லை என்றால் அது மெயிலில் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை, போனை எடுங்கள். பேசி முடித்ததும், பேசியதை ஒரு வரியில் அதே மெயிலுக்குப் பதிலாகப் போட்டு ஆர்க்கைவ் செய்துவிடுங்கள்.